‘முதல் பிரசவம்தானே’ என்றார்கள்

ரத்த மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆளின் முகத்துக்கு முன்னால் அவருடைய சோதனைக் குழாய்தான் அறிமுகமாகும். குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்த அந்த 24 வயதுப் பெண்ணையும் எனக்கு அப்படித்தான் தெரியும். ஏ நெகட்டிவ், நான்காம் மாதம், தாய் சேய் நல அட்டையில் ‘முதல் கர்ப்பம்’ என்று எழுதியிருந்தது. மறைமுக கூம்ஸ் சோதனைக்காக ரத்தம் அனுப்பியிருந்தார்கள்.

இந்தச் சோதனை பார்க்க எளிமையானது. தாயின் ரத்தத்திலிருந்து பிரிந்து நிற்கும் தெளிந்த சீரத்தை எடுத்து, ஓ பாசிட்டிவ் சிவப்பணுக்களோடு கலந்து, உடல் சூட்டில் முக்கால் மணி நேரம் வைக்கிறோம். பிறகு உப்புநீரில் மூன்று முறை கழுவி, கூம்ஸ் சீரத்தை இரண்டு சொட்டு விட்டு இயந்திரத்தில் சுற்றுகிறோம். குழாயின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு தங்கும். மெதுவாகத் தட்டும்போது அது புகைபோல எழுந்து கரைந்துவிட்டால் நல்ல செய்தி. அன்றைக்குக் கரையவில்லை. தண்ணீர் பட்ட குங்குமம் கட்டிதட்டுவதுபோலத் துணுக்குத் துணுக்காக மிதந்தது.

அதாவது பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரான பொருள் அந்தப் பெண்ணின் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. முதல் கர்ப்பத்தில், அதுவும் நான்காம் மாதத்தில், அது தானாக வராது. ஒன்று எப்போதோ தவறுதலாக பாசிட்டிவ் ரத்தம் ஏற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் இது முதல் கர்ப்பமாக இருக்கக் கூடாது. வார்டுக்குப் போய் விசாரித்தேன். மாமியார்தான் பதில் சொன்னார்: “ரத்தம் எல்லாம் ஏத்துனதில்லை டாக்டரம்மா. முதல் பிரசவம்தானே! முன்னாடி ஒண்ணு மூணரை மாசத்துல தங்காமப் போச்சு. அதெல்லாம் கணக்குல வருமா?”

வரும். இந்தக் கணக்கில் அதுதான் முதலாவது.

ஒரு தனியார் இடத்தில் கருப்பையைச் சுத்தம் செய்து அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ரத்த வகை பார்த்தார்களா என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு நினைவில்லை. கையில் இருந்த சீட்டில் ஆன்டிபயாட்டிக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் மட்டும் எழுதியிருந்தன.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாசிட்டிவ் ரத்தத்தின் சிவப்பணுக்களில் ‘டி’ என்ற புரதம் இருக்கும், நெகட்டிவ்காரர்களிடம் இருக்காது. கணவர் பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றுக்குள் தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் தனித்தனியாகத்தான் ஓடுகின்றன. ஆனால் நஞ்சுக்கொடி பிரியும்போது, அது பிரசவமோ கருக்கலைவோ எதுவானாலும், பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாய்க்குள் கசியும். தாயின் உடம்பு இந்தப் புதிய ‘டி’யைப் பார்த்து எதிர்ப்பொருள் செய்யக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்ள வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அதற்குள் அந்தக் கர்ப்பம் முடிந்திருக்கும், அதனால் முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அடுத்த பிள்ளையும் பாசிட்டிவாக இருந்தால், பழகிய உடம்பு மளமளவென்று எதிர்ப்பொருளைச் சுரக்கும். இந்த முறை வருவது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும் வகை. அது பிள்ளையின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றை உடைத்துத் தள்ளும்.

ரத்த வகை விஷயத்தில் இவர்களுக்கு அதிர்ஷ்டமும் கைகொடுக்கவில்லை. தாய் ஓ வகை, பிள்ளை ஏ அல்லது பி என்று இருந்தால், கசிந்த அணுக்களைத் தாயின் உடம்பு வேறொரு வழியில் சீக்கிரமே அழித்துவிடும்; ‘டி’யைக் கற்றுக்கொள்ள நேரம் குறைவு. இங்கே தாய் ஏ, தந்தை ஓ பாசிட்டிவ். பிள்ளை ஏ அல்லது ஓ. எதுவானாலும் தாய்க்குள் சௌகரியமாகத் தங்கியிருக்கும்.

சரி, எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது? சீரத்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து எந்தக் குழாய் வரை கட்டிதட்டுகிறது என்று பார்ப்போம். முதல் தடவை எட்டில் ஒரு பங்கு வரை வந்தது. மாதாமாதம் பார்த்தோம். ஏழாம் மாதத்தில் 32-இல் ஒரு பங்காக நீர்த்த குழாயிலும் கட்டி தெரிந்தது. பதினாறைத் தாண்டினாலே எங்களைப் போன்றவர்கள் குழாயை நம்பி உட்கார மாட்டோம், ஸ்கேனுக்குத் திருப்பிவிடுவோம். பிள்ளையின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை டாப்ளரில் அளப்பார்கள். சோகை வந்த ரத்தம் நீர்த்துப் போய் வேகமாக ஓடும். அந்தக் கர்ப்ப வாரத்துக்குரிய நடுமதிப்பைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் வயிற்றுக்குள் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியாக ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அந்த அளவுக்குப் போகாமல் 37 வாரத்தில் பிரசவமானது. பெண் குழந்தை, 2.6 கிலோ.

பிறந்தபோது யாரும் பயப்படும்படி இல்லை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வயிற்றில் இருக்கும்வரை, உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைத் தாயின் கல்லீரல் வெளியேற்றிவிடும். கொடியை அறுத்த பிறகு அந்த வேலை பிள்ளையின் பிஞ்சுக் கல்லீரலுக்கு வந்துசேரும். கொடி ரத்தத்தில் பிலிருபின் 5 மில்லிகிராம். நீல விளக்கின் கீழ் வைத்தும் ஆறு மணி நேரத்தில் 9 ஆகிவிட்டது. இந்த வேகத்தில் ஏறினால் மஞ்சள் மூளைக்குள் படியும். காது கேட்காமல் போகலாம், கை கால் இழுத்துக்கொள்ளலாம், உயிரே போகலாம்.

ரத்தத்தை மாற்றுவது என்று முடிவானது. குழந்தையின் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் ஓடும். அதைப் போல இரண்டு மடங்கு மாற்ற வேண்டும், 2.6 கிலோவுக்கு ஏறக்குறைய 420 மில்லி. தாயின் சீரத்தோடு ஒத்துப்போகிற, ஐந்து நாளைக்குள் எடுத்த ஓ நெகட்டிவ் அணுக்களை ஏபி வகை பிளாஸ்மாவில் கலந்து தயாரித்துக் கொடுத்தோம். தொப்புள் வழியாகப் பத்துப் பத்து மில்லியாக எடுப்பதும் விடுவதுமாக நடந்தது. குழந்தை பிழைத்தது, காதுப் பரிசோதனையும் சரியாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஹீமோகுளோபின் மறுபடி இறங்கி இன்னொரு தடவை கொஞ்சம் ரத்தம் ஏற்றினோம். தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், மஞ்சள் இறங்கியதும் கணக்கு முடிந்துவிடாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் என்றால் இளவெயிலில் காட்டுவதும், தாய்க்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதும் நம் பக்கத்தில் வழக்கம். மூன்றாம் நாள் தெரிகிற மஞ்சள் பெரும்பாலும் தானாகவே இறங்கும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் வெயிலுக்கு அல்ல, மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இவ்வளவையும் தடுத்திருக்கக்கூடியது ஒரு ஊசி. கரு கலைந்த 72 மணி நேரத்துக்குள் 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி, கையின் மேல்புறத் தசையில். வேடிக்கை என்னவென்றால் ஊசிக்குள் இருப்பதும் அதே எதிர்ப்பொருள்தான். கசிந்து வந்த பிள்ளையின் அணுக்களை அது மூடி, தாயின் உடம்பு அடையாளம் கண்டுகொள்வதற்கு முன்பே வெளியேற்ற வழி செய்கிறது. சில மாதங்களில் ஊசி மருந்தும் கரைந்துபோகும். 1968-இல் பயன்பாட்டுக்கு வந்த மருந்து இது. வெகுகாலம் இந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களின் பிளாஸ்மாவிலிருந்து மட்டுமே தயாரித்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் அதற்காக 1173 தடவை தானம் கொடுத்துவிட்டு 2025-இல் காலமானார். 12 வாரத்துக்கு முன் கலைந்தால் ஊசி வேண்டுமா என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து மாறுகிறது. இங்கே குறைந்த அளவிலாவது போட்டுவிடுவதுதான் வழக்கம். மூன்றரை மாதத்துக்கு அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனால் உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டால் ஊசியால் பயனில்லை. “இப்பப் போட்டுக்கலாமா?” என்று அந்தப் பெண் கேட்டபோது இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

அக்கா பட்டதைப் பார்த்த தங்கை உஷாரானாள். அவளும் ஏ நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ். முதல் கர்ப்பத்திலேயே கூம்ஸ் சோதனை செய்து, நெகட்டிவ் என்று தெரிந்ததும் 28 வாரத்தில் ஒரு ஊசி போட்டுக்கொண்டாள். பிரசவத்துக்கு முன்பே கடைசி மூன்று மாதத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிவது சிலருக்கு உண்டு. அதற்காகத்தான் இந்த ஊசி. 34-ஆம் வாரத்தில் பிரசவம் பார்க்க நினைத்த இன்னோரிடத்தில் கூம்ஸ் சோதனையை மறுபடி செய்தார்கள். லேசாக பாசிட்டிவ். “உனக்கு எதிர்ப்பு வந்துவிட்டது, பிரசவத்துக்குப் பிறகு ஊசி தேவையில்லை” என்று சொல்லிவிட்டார்களாம். அழுதுகொண்டே போன் செய்தாள்.

எனக்கு இந்த ஒரு தவறின் மீது தனிக் கோபமே உண்டு. ஊசியில் போட்ட எதிர்ப்பொருள்தான் சோதனையில் தெரிகிறது. ரத்தத்தை இங்கே கொண்டுவரச் சொல்லி நீர்த்துப் பார்த்தேன். இரண்டில் ஒரு பங்கோடு நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்தும் ஏறவில்லை. தானாக உண்டானது ஏறிக்கொண்டே போகும், ஊசியில் வந்தது இறங்கும். எப்போது ஊசி போட்டார்கள் என்ற தேதியைச் சோதனைச் சீட்டில் எழுதாவிட்டால் ஆய்வகத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நான் அவளுடைய அட்டையின் முன்பக்கத்திலேயே ஊசி போட்ட தேதியைச் சிவப்பு மையில் எழுதி, ‘பிரசவத்துக்குப் பிறகும் போடவும்’ என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.

சிசேரியன் ஆனது. கொடி ரத்தம் வந்தது: ஓ பாசிட்டிவ். மறுநாள் காலையில் ஊசி. ஒரு ஊசி பிள்ளையின் ரத்தம் 30 மில்லி வரை கசிந்தால் சமாளிக்கும், சாதாரணமாகக் கசிவது நான்கு மில்லிகூட இருக்காது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்திருந்தாலோ, கைவிட்டு எடுத்திருந்தாலோ, எவ்வளவு கசிந்தது என்று தாயின் ரத்தத்தில் பிள்ளையின் அணுக்களை எண்ணிப் பார்த்து அதற்கேற்ப ஊசியைக் கூட்ட வேண்டும். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

சென்ற மாதம் அவளுடைய பெயரோடு மறுபடி ஒரு குழாய் வந்தது. இரண்டாவது கர்ப்பம், மூன்றாம் மாதம். சுற்றி எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துத் தட்டினேன். பொட்டு புகைபோல எழுந்து முழுதாகக் கரைந்தது.