பாதிக் குளம் என்றால் பாதித் தண்ணீர் இல்லை

இந்த ஆண்டில் இது மூன்றாவது அழைப்பு. பழனி மலையின் மேல்மலைப் பக்கம், பூண்டும் கேரட்டும் போடும் ஒரு ஊர். ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசினார். “சார், கொளத்துல பாதித் தண்ணி கெடந்துச்சு. மூணு மாசத்துக்கு முறை வச்சுக் குடுத்தோம். பதினேழாம் நாளே மதகுல காத்துதான் வருது. யாரோ ராத்திரியில மோட்டார் போட்டு எடுக்குறாங்கன்னு ஊருக்குள்ள சண்டை.”

யாரும் திருடவில்லை. மூன்று ஊரிலும் திருடியது ஒரே கணக்குதான்.

அந்த ஊர்க் குளம் ஓடையை மறித்துக் கட்டியது. நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கல் மட்டத்தில் நீர்ப்பரப்பு 6,600 சதுர மீட்டர், அங்கிருந்து ஆழமான இடத்துக்கு 3 மீட்டர். யாரோ இரண்டையும் பெருக்கி 19,800 கன மீட்டர், அதாவது 1.98 கோடி லிட்டர் என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டார்கள். தண்ணீர் ஒன்றரை மீட்டருக்கு இறங்கியதும், பாதி போக மீதி 99 லட்சம் லிட்டர் என்று முடிவு செய்தார்கள். நாளைக்கு 40 ஆயிரம் லிட்டர் வீதம் 90 நாளைக்கு 36 லட்சம்தானே, தாராளமாகப் போதும் என்று முறை வைத்தார்கள்.

குளம் என்ன சிமெண்டுத் தொட்டியா? தொட்டிக்குச் சுவர் செங்குத்து. மேலே எவ்வளவு அகலமோ அடியிலும் அவ்வளவு. அங்கே பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர்தான். குளம் அப்படியில்லை. தண்ணீர் இறங்க இறங்க நாலாபக்கமும் கரையை விட்டு உள்வாங்குகிறது, பரப்பு சுருங்குகிறது. மேலே ஒரு சாண் இறங்கினால் போகிற தண்ணீரும், அடியில் ஒரு சாண் இறங்கினால் போகிற தண்ணீரும் ஒன்றல்ல. புனலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சரியான கூம்பாக இருந்தால் பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் நிற்கும். மலையில் ஓடைப் பள்ளத்தில் கட்டிய குளங்கள் தொட்டியைவிடக் கூம்புக்கே பக்கத்துச் சொந்தக்காரர்கள். இதை ஒவ்வொரு ஊரிலும் தரையில் குச்சியால் படம் போட்டுக் காட்டுகிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த வருடம் மறுபடி “பாதிக் குளம் இருக்கு சார்” என்று போன் வருகிறது.

எந்த உயரத்தில் எவ்வளவு பரப்பு, எவ்வளவு தண்ணீர் என்று வரிசையாக எழுதிய அட்டவணை ஒன்றுதான் இதற்கு வழி. அதைப் போட, குளத்தின் அடித்தரை எந்த இடத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். குளம் வற்றிக் கிடக்கும்போது என்றால் உயர வித்தியாசம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியும் மட்டக்கோலுமாக இறங்கி நடந்தே ஒரே நாளில் முடித்துவிடலாம். மதகில் காற்று வந்த அந்த மாதத்தில் கூப்பிட்டிருந்தால் நான் முழங்கால் சேற்றோடு முடித்திருப்பேன். ஆனால் சண்டை ஓய்ந்து, கோடை மழை இறங்கி, குளத்தில் மறுபடி தண்ணீர் சேர்ந்த பிறகுதான் அளக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. அதுவும் முதலில் என்னை இல்லை, டிப்ளமோ முடித்த ஒரு தம்பியை. நல்ல பையன், வேலையும் சுத்தம். நீர்விளிம்புக்கு மேலே உள்ள காய்ந்த பகுதியை ஒரு நாள் லெவல் வைத்து எடுத்தான். இரண்டு நாள் கழித்து லாரி டியூப்பில் பலகை கட்டி மிதந்துபோய், கரைக்குக் கரை கயிறு இழுத்து, ஐந்து மீட்டருக்கு ஒரு இடத்தில் கோலை இறக்கி ஆழம் எடுத்தான். இரண்டையும் சேர்த்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து அரை மீட்டருக்கு ஒரு சமமட்டக் கோடு வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ளே உள்ள பரப்பைக் கணக்கிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

பார்த்ததும் ஓர் இடம் உறுத்தியது. ஆழமான இடத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில் பரப்பு 680 சதுர மீட்டர், ஒரு மீட்டரில் 1,490, ஒன்றரையில் 2,550, இரண்டில் 3,350, இரண்டரையில் 4,900, கலிங்கல் மட்டமான மூன்றில் 6,600. பரப்பு ஏறிக்கொண்டேதான் போகிறது. அது எல்லோருக்கும் சரியாகத் தெரியும். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு ஏறுகிறது என்று கழித்துப் பாருங்கள்: 810, 1,060, 800, 1,550, 1,700. நடுவில் ஒரு 800 பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே குளத்தின் ஓரம் திடீரென்று செங்குத்தாக நின்றால்தான் இப்படி வரும். அங்கே கற்சுவர் ஏதும் இல்லை, பூண்டு வயலிலிருந்து இறங்கும் சாதாரண மண் சரிவுதான்.

“தம்பி, லெவல் எடுத்த நாளைக்கும் ஆழம் எடுத்த நாளைக்கும் நடுவில் மழை பெய்ததா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ராத்திரி நல்லாப் பெஞ்சுச்சு சார்.”

அதுதான் விஷயம். லெவல் எடுத்த அன்று நீர்மட்டம் 1.82 மீட்டர். மழைக்குப் பிறகு 2.00. கோல் சொல்வது தரையின் உயரத்தை அல்ல; அன்றைய நீர்மட்டத்துக்குக் கீழே தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும். அன்றைய நீர்மட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால்தான் தரையின் உயரம் கிடைக்கும். தம்பி பழைய 1.82-இலிருந்து கழித்திருக்கிறான். தண்ணீருக்குள் இருந்த தரை முழுக்கக் காகிதத்தில் 18 சென்டிமீட்டர் கீழே போய்விட்டது. காய்ந்த பகுதியும் நனைந்த பகுதியும் சந்திக்கிற இடத்தில் ஒரு படி முளைத்துவிட்டது.

18 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். கலிங்கல் மட்டத்தில் பார்த்தால் மொத்தத்தில் ஏழு சதவீதம்தான் கூடுதல், யாருக்கும் தெரியாது. ஆனால் ஊர்க்காரர்கள் அட்டவணையைத் தேடுவது குளம் நிரம்பிக் கிடக்கும்போது அல்ல. ஒன்றரை மீட்டரில் உண்மையாக இருப்பது 12.5 லட்சம் லிட்டர். அந்த அட்டவணை 16.7 லட்சம் என்கிறது. மூன்றில் ஒரு பங்கு அதிகம். மறுபடி முறை வைத்தால் மறுபடி சண்டை.

நானும் போய்ச் சேர்ந்து அளந்தோம். இந்த முறை பிள்ளையார் கோயில் படிக்கட்டில் ஓர் இடத்தைப் பெயிண்டால் குறித்து அதையே பெஞ்ச் மார்க் ஆக்கினோம். ஆழம் எடுக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நீர்மட்டத்தை அதோடு ஒப்பிட்டு எழுதினோம். விளிம்பை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு இடங்களை லெவல் வைத்தும் எடுத்தோம், ஆழம் பார்த்தும் எடுத்தோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு வேலை. கோலின் அடியில் ஒரு சாண் அகலத் தகடு பொருத்தியிருந்தோம். வெறுங்கோல் வண்டலுக்குள் முழங்கை அளவு இறங்கிவிடும். சேற்றைத் தண்ணீர் என்று எழுதுவீர்கள். போனில் இருக்கும் ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தைத் தயவுசெய்து இதற்குத் தொடாதீர்கள். அது மீட்டர் கணக்கில் தவறும், குளத்தின் மொத்த ஆழமே மூன்று மீட்டர்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள கொள்ளளவுக்கு நான் பயன்படுத்துவது இது. `h` இரண்டு கோடுகளுக்கும் உள்ள உயர வித்தியாசம், `A1`, `A2` கீழ், மேல் பரப்புகள்.

```
V = h/3 × (A1 + A2 + √(A1 × A2))
```

இரண்டு பரப்புக்கும் சராசரி எடுத்துப் பெருக்கினாலும் இந்தக் குளத்தில் மொத்தத்துக்கு ஒன்றரை சதவீதம்கூட வித்தியாசம் வராது. சூத்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் அந்த நேரத்தில் நீர்மட்டத்தை இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். அடியில் உள்ள முதல் அடுக்கில் மட்டும் சராசரி முறை 70-க்குப் பதில் 105 என்று காட்டும், அவ்வளவுதான்.

| உயரம் (மீ.) | பரப்பு (ச.மீ.) | அதுவரை கொள்ளளவு (க.மீ.) |
|---|---|---|
| 0.0 | 0 | 0 |
| 0.5 | 420 | 70 |
| 1.0 | 1,150 | 450 |
| 1.5 | 2,100 | 1,250 |
| 2.0 | 3,350 | 2,600 |
| 2.5 | 4,900 | 4,650 |
| 3.0 | 6,600 | 7,510 |

இப்போது பரப்பின் ஏற்றத்தைக் கழித்துப் பாருங்கள்: 420, 730, 950, 1,250, 1,550, 1,700. எங்கும் சறுக்கல் இல்லை.

1.98 கோடி லிட்டர் என்று நம்பிய குளம் நிரம்பினால் 75 லட்சம்தான் பிடிக்கும். பாதி உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. மதகின் அடி ஒரு மீட்டரில் இருக்கிறது, அதற்குக் கீழே உள்ள 4.5 லட்சம் பாயாது. ஆக அன்று பாய்ச்சக் கிடைத்தது 8 லட்சம் லிட்டர். நாளைக்கு 40 ஆயிரம் எடுத்தால் 20 நாள். வெயிலிலும் கசிவிலும் நாளைக்கு 5 மில்லிமீட்டர் போனதாக வைத்தால், சுருங்கும் அந்தப் பரப்புக்கு நாளைக்கு ஏறக்குறைய 8 ஆயிரம் லிட்டர். கழித்துப் பாருங்கள், பதினேழாம் நாளில் வந்து நிற்கும். ராத்திரி மோட்டார்க்காரரைத் தேடியவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

இன்னொன்றும் அட்டவணையில் தெரிகிறது. மேல் அரை மீட்டரில் மட்டும் 28 லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கிறது. அந்த ஊரில் கலிங்கலின் ஓரக்கல் பெயர்ந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதைக் கவனிக்காமல், நடுப்பள்ளத்தை இன்னும் அரை மீட்டர் தோண்டத் திட்டம் போட்டிருந்தார்கள். தோண்டினால் கூடுதலாகக் கிடைப்பது சில லட்சம் லிட்டர். அதுவும் மதகுக்குக் கீழே. முதலில் கல்லை வையுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

அளவுகோல் கம்பத்தில் மீட்டர் எண் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மீட்டரைப் பார்த்தால் கை தானாகப் பாதி, முக்கால் என்று போகும். அதற்குப் பதிலாக, அந்தந்த உயரத்தில் மதகு வழியாக எடுக்கக் கிடைக்கும் லட்சம் லிட்டரை எழுதச் சொன்னேன். மேலிருந்து கீழே 70, 42, 21, 8, 0. பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது போன் செய்த அதே பெரியவர் வந்து நின்றார். “கோடெல்லாம் ஒரே தூரத்துலதான் இருக்கு, எண்ணு மட்டும் ஏன் சார் இப்படிக் குதிச்சு எறங்குது?” என்றார். குச்சியை எடுத்து மறுபடி தரையில் படம் போட்டேன்.

கம்பத்தின் அடியில் அளந்த மாதமும் வருடமும் எழுதி, “தூர்வாரினால் இந்தக் கணக்கு செல்லாது” என்று சிவப்பில் ஒரு வரி போட்டிருக்கிறோம். வயல் மண் இறங்கும் ஊர் அது. தூர்வாராவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒரு முறை, குளம் வற்றிய மாதத்தில், கூப்பிடுங்கள்.