பில்லில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணை யாரும் மாற்றவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

பொள்ளாச்சி வியாபாரி ஒருவர் கொழிஞ்சாம்பாறை எண்ணெய் மில்லுக்குக் கொப்பரை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 3,00,000 ரூபாய், மாநிலம் தாண்டுவதால் 5 சதவீத ஐஜிஎஸ்டி 15,000 ரூபாய், ஆக மொத்தம் 3,15,000. லாரி கோபாலபுரம் தாண்டுவதற்குள் பில்லின் பிடிஎஃப் மில்லின் மெயிலுக்குப் போய்விடுகிறது. யாரோ ஒருவர் அந்த மெயிலுக்குள் நுழைந்து, பில்லின் அடியில் இருக்கும் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் மட்டும் மாற்றி வைத்தால், மில்காரர் பார்த்ததும் கண்டுபிடிக்க வழியே இல்லை. தொகை, ஜிஎஸ்டி எண், பில் எண் எல்லாம் சரியாகவே இருக்கும்.

அதுதான் ஜிஎஸ்டி தளத்தில் வாங்குபவருக்கு ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை வருகிறதே என்று கேட்கலாம். அதில் பில் எண், தேதி, மதிப்பு, வரி இவை வரும். வங்கிக் கணக்கு எண் வராது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் போடும் இ-இன்வாய்ஸின் கியூஆர் குறியீட்டிலும் அது கிடையாது. பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அந்த இரண்டு வரிக்கு அரசுத் தளம் காவல் இல்லை. பிடிஎஃப்பில் போடும் டிஜிட்டல் கையொப்பம் அதற்குக் காவலாக இருக்கும்.

விதி என்ன சொல்கிறது? சிஜிஎஸ்டி விதி 46-இன்படி பில்லில் விற்பவரின் கையொப்பமோ டிஜிட்டல் கையொப்பமோ இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி மின்னணு முறையில் தரும் பில்லுக்கு அது கட்டாயம் இல்லை என்று 2018 டிசம்பர் கடைசியில் விலக்கும் வந்துவிட்டது. அதனால் பலர் போடுவதில்லை. வரிக்குக் கையொப்பம் இல்லாத பில் போதும், ஆனால் பணத்துக்குப் போதாது என்பது என் கருத்து.

கையொப்பமிட, உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்திடம் கிளாஸ் 3 சான்றிதழ் வாங்க வேண்டும். அது யுஎஸ்பி டோக்கனில் வரும். கூடவே ஒரு பின் எண்ணும் இருக்கும். நம் ஊர்ப் பக்கம் பலரின் டோக்கன் ஆடிட்டர் அலுவலக மேசையில்தான் கிடக்கிறது. டோக்கனும் பின்னும் யாரிடம் இருக்கிறதோ, அவர் உங்கள் பெயரில் எதில் வேண்டுமானாலும் கையொப்பமிடலாம். அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பைச் சட்டம் உரியவர் மேல்தான் சுமத்துகிறது. ஆகவே திருப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி விவரம் உட்பட பில்லை முழுவதும் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் கையொப்பமிட வேண்டும். அப்போது மென்பொருள் கோப்பு முழுவதையும் படித்து, அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு, டோக்கனில் உள்ள ரகசியச் சாவியால் கையொப்பமாக்கிக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடும். பெறுபவர் திறக்கும்போது அந்தக் கணக்கீடு மறுபடி நடக்கும். வங்கிக் கணக்கு எண்ணில் 6 என்பது 8 ஆகியிருந்தாலும் இரண்டு கைரேகைகளும் பொருந்தாது.

மில்காரர் பில்லைக் கணினியில் அடோபி ரீடரில் திறந்து Signature Panel-ஐப் பார்க்க வேண்டும். போன் ஆப்களும் பிரவுசரும் பெரும்பாலும் சோதிக்காமலே பக்கத்தைக் காட்டிவிடும். கையொப்பமிட்ட பிறகு மாற்றம் இல்லை என்றால் "Document has not been modified since this signature was applied" என்று வரும். திருத்தியிருந்தால் சிவப்புக் குறியோடு "Document has been altered or corrupted" என்று வரும்.

மஞ்சள் குறியோடு "Validity Unknown" என்று வந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். பில் திருத்தப்பட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இந்தியாவின் கையொப்பச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான மூலச் சான்றிதழை அந்தக் கணினி இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான். கையொப்பத்தின் விவரத்தில் Show Signer's Certificate போய், சான்றிதழ்ச் சங்கிலியின் உச்சியில் CCA India இருப்பதைப் பார்த்து, Trust பகுதியில் அந்த மூலச் சான்றிதழை Add to Trusted Certificates கொடுத்தால் அடுத்த முறை பச்சைக் குறி வரும். அப்புறம், கையொப்பமிட்டவர் பெயரைப் படியுங்கள். வேறொருவர் தன் சான்றிதழால் கையொப்பமிட்டாலும் பச்சைதான் வரும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. திருட்டு பில்லில் கையொப்பமே இல்லாமல், பச்சை டிக் படத்தை மட்டும் ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் டிக் தெரிந்து Signature Panel காலியாக இருந்தால் பணம் அனுப்பாதீர்கள். விற்பவரை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய போன் எண்ணில் கூப்பிட்டு, "அண்ணா, அக்கவுண்ட் மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிடுங்கள், பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குக் கூப்பிட வேண்டாம்.

பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்தாலோ, 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்தாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ கையொப்பம் போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கணக்குப் பதிவுகளை ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். அதற்காக ஃபைலில் குத்தி வைக்கும் காகிதத்தோடு, மெயிலில் வந்த அசல் கோப்பையும் அப்படியே சேமித்து வையுங்கள்.