பெரியப்பா ஊசியை விட்டார், பாப்பா விடக் கூடாது

"பத்து நாளா ஊசியே போடல டாக்டர், சோறும் குடுக்கல. அப்புறம் எப்படி சுகர் ஏறுச்சு?"

அவசரப் பிரிவில் குழந்தையைக் கிடத்திவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோர் கெட்டவர்கள் அல்ல. குழந்தைக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஊசியை நிறுத்தியிருப்பார்கள். இந்த மாதமும் அப்படி ஒரு குழந்தை வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

பதினொரு வயது, 30 கிலோ. இரண்டு மாதங்களுக்கு முன் டைப் ஒன் சர்க்கரை என்று உறுதியாகி, நாளொன்றுக்கு 24 யூனிட் இன்சுலினுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண். இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் 12 யூனிட், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன் நான்கு நான்கு யூனிட். நான்காவது வாரத்திலிருந்து சர்க்கரை தாழத் தொடங்கியது. பள்ளி விட்டு வரும்போது 62, 65. மருத்துவர் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஏழாவது வாரத்தில் நாள் முழுவதற்கும் 9 யூனிட்டே போதுமானதாக இருந்தது. அதே வாரங்களில் வீட்டில் ஆவாரம்பூ கசாயமும் கேழ்வரகுக் களியும் ஓடிக்கொண்டிருந்தன. குறைந்ததெல்லாம் அவற்றால்தான் என்று வீடே நம்பியது. பெரியப்பாவும் ஊசி போட்டு, பிறகு விட்டவர். "நானே விட்டுட்டேன், சின்ன உடம்பு, இதுக்கு எதுக்கு ஊசி?" என்றார். நிறுத்தினார்கள்.

முதலில் 130, 150 என்று இருந்தது, பிறகு 220. ஒன்பதாம் நாள் காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி. வாயு என்று நினைத்தார்கள். அன்றிரவு மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்க, வீசிங் என்று ஆவி பிடிக்க வைத்தார்கள். மறுநாள் மருத்துவமனையில் சர்க்கரை 486, சிறுநீரில் கீட்டோன் அமிலத்தைக் காட்டும் பட்டை கரு ஊதா நிறம், ரத்தம் எவ்வளவு அமிலமாகியிருக்கிறது என்று சொல்லும் பிஎச் 7.05. அது 7.35க்குக் கீழே போகக் கூடாது. (ஆழ்ந்து மூச்சு வாங்கும் எந்தக் குழந்தைக்கும், ஆவி பிடிக்கும் முன் ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள் என்று சக மருத்துவர்களையும் மன்றாடிக் கேட்கிறேன்.)

சர்க்கரை குறைந்தது கசாயத்தால் அல்ல. டைப் ஒன் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் பீட்டா செல்களை அழிப்பது. அந்தச் செல்கள்தாம் இன்சுலின் சுரப்பவை. நோய் தெரியவரும் நாளில் அவற்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஆனால் பல வாரங்களாக ஏறிக் கிடந்த சர்க்கரையால் அவை துவண்டிருக்கும். ஊசி போட்டுச் சர்க்கரை இறங்கியதும் மிச்சச் செல்கள் தேறி, கொஞ்ச காலம் மறுபடி சுரக்கும். இதைத் தேனிலவுக் காலம் என்போம். சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள், அரிதாக ஓராண்டைத் தாண்டும். ஆனால் அழிவு நிற்பதில்லை. கடைசிச் செல்லும் போகும்போது தேவை பழைய அளவுக்குத் திரும்பும். இடையில் 2 யூனிட்டே போதும் என்றாலும் அந்த 2 யூனிட்டை நாங்கள் நிறுத்தாமல் வைத்திருப்பது இதனால்தான்.

அடுத்து, "சோறே குடுக்கல" என்பது. என்னை மிகவும் வருத்துவது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். சர்க்கரை தட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. கல்லீரல் இரவும் பகலும் தானே சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. "போதும்" என்று அதைத் தடுப்பது இன்சுலின். இன்சுலின் இல்லையென்றால் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் தயாரித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சர்க்கரை செல்லுக்குள் நுழையவும் முடியாது. பசியில் தவிக்கும் உடல் கொழுப்பை எரிக்கும், எரித்ததில் கீட்டோன் என்ற அமிலம் சேரும், அந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்றத்தான் அந்த ஆழ்ந்த மூச்சு. ஆக, சோற்றை நிறுத்தியது கீட்டோனைத் தடுக்கவில்லை, கூட்டவே செய்திருக்கும்.

பத்தியத்தால் டைப் ஒன்னைச் சமாளிக்கும் முயற்சியை மருத்துவ உலகம் நேர்மையாகவே செய்து பார்த்துவிட்டது. இன்சுலின் வருமுன் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் குழந்தைகளைக் கிட்டத்தட்டப் பட்டினியில் வைத்தார். எலும்பும் தோலுமாகச் சில காலம் கூடுதலாக வாழ்ந்தார்கள், பிறகு இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லியனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்ட பிறகுதான் அந்தக் கதை மாறியது.

அப்படியானால் பெரியப்பா சொன்னது பொய்யா? இல்லை, அவர் விஷயத்தில் முழு உண்மை. அவருக்கு ஐம்பது வயது, 86 கிலோ, தொப்பை, நோய் கண்ட நாளில் 340. அவருடைய கணையம் சுரந்துகொண்டுதான் இருந்தது. கல்லீரலிலும் வயிற்றிலும் சேர்ந்த கொழுப்பால் சுரந்தது வேலை செய்யவில்லை, ஈடுகொடுத்துக் களைத்த கணையத்தாலும் போதிய அளவு சுரக்க முடியவில்லை. இதுதான் டைப் டூ. பரம்பரையும் சேர்ந்தே வரும். இரண்டு மாதம் ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கினார், தினமும் நடந்தார், சோற்றைப் பாதியாக்கினார், 14 கிலோ குறைந்தார். கொழுப்பு வடிந்ததும் அவருடைய சொந்த இன்சுலினே வேலை செய்யத் தொடங்கியது. இப்போது மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும். 2017இல் பிரிட்டனில் வெளியான டைரக்ட் ஆய்விலும், குறைந்த கலோரி உணவால் எடை குறைத்த டைப் டூ நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஓராண்டு முடிவில் மருந்தே இல்லாமல் நோயின் எல்லைக்கு வெளியே வந்தார்கள். எல்லோரும் நோய் வந்து 6 ஆண்டுக்குள் இருந்தவர்கள். அவர்களில் டைப் ஒன் நோயாளி ஒருவரும் இல்லை.

அவருக்கு நடை பூட்டைத் திறந்தது. பாப்பாவுக்கு இன்சுலின் என்ற சாவியே இல்லை, அதை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. பல ஆண்டு டைப் டூவில் கணையம் ஓய்ந்து ஊசிக்கு மாறியவர்கள், "எனக்கு டைப் ஒன் ஆயிடுச்சு" என்கிறார்கள். ஆகவில்லை. வகை நோயின் காரணத்தை வைத்து, ஊசியை வைத்து அல்ல. அவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது.

டைப் ஒன் குழந்தைக்கு உணவும் விளையாட்டும் வேண்டாமா என்றால், வேண்டும், வேறு காரணத்துக்காக. உணவு மருந்தல்ல, ஊசியின் அளவைச் சொல்லும் கணக்கு. 15 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்று வகுத்துக் கொடுத்த குழந்தை நான்கு இட்லி சாப்பிட்டால் ஏறக்குறைய 60 கிராம், ஆக 4 யூனிட். இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால் அதே 4 யூனிட் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். விளையாடினாலும் தாழும், சில சமயம் அன்றிரவே. 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி பரிசோதனை. 250க்கு மேல் இருந்து கீட்டோனும் இருந்தால் அன்று மைதானம் வேண்டாம்.

காய்ச்சல் நாளில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சாப்பிடவில்லை என்று ஊசியை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டு ஊசியை மருத்துவரைக் கேட்டுக் குறைக்கலாம், இரவு ஊசி கண்டிப்பாகப் போட வேண்டும். காய்ச்சலில் தேவை பெரும்பாலும் கூடும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள், கீட்டோன் பட்டையைச் சிறுநீரில் நனையுங்கள். பட்டை ஊதாவாக மாறினால், அல்லது இரண்டு முறை வாந்தி எடுத்தால், நடு இரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். அங்கே சலைனை மெதுவாகத்தான் ஏற்றுவோம், அவசரப்படுத்தாதீர்கள். குழந்தைகளுக்கு இந்த நிலையில் மூளை வீங்கும் ஆபத்து உண்டு, அதனால்தான் மணிக்கணக்கில் நிதானம்.

இதை வாசிக்கும் பெரியப்பாக்களுக்கு: உங்கள் நடையை விடாதீர்கள். குழந்தையின் ஊசியைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லாதீர்கள். முடிந்தால் அவள் பள்ளிப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறதா என்று பாருங்கள்.