தீபாவளி சீசனுக்கு ஆள் எடுக்கும்போது வயதைப் பார்ப்பது எப்படி?

ஒரு ஜவுளிக்கடைக்குத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு பையன் வேலை கேட்டு வருகிறான். "பதினெட்டு ஆயிடுச்சுங்க" என்கிறான். ஆதாரில் பிறந்த தேதி 01-01-2007. பள்ளி டிசியில் 12-08-2010. 2025 செப்டம்பரில், ஆதார்படி அவனுக்கு 18, டிசிப்படி 15.

இந்த மூன்று வயது வித்தியாசத்தில் சட்டமே மாறிவிடுகிறது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாதவரை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம், நிபந்தனைகளோடு நடிக்கலாம். விலக்கு அவ்வளவுதான். 14 முதல் 18 வரை உள்ளவர்கள் வளரிளம் பருவத்தினர். சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், ஆபத்தான தயாரிப்பு முறைகள் ஆகியவற்றில் இவர்களைச் சேர்க்க முடியாது. பட்டாசு ஆலையில் 17 வயதுப் பையனைச் சேர்த்தால் உரிமையாளருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, ஜவுளிக்கடை ஆபத்தான இடமில்லையே? 15 வயதுக்காரரை அங்கே வைக்கலாம். ஆனால் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அந்த ஓய்வையும் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரம்தான். காலை 10 மணிக்கு வந்தவர் 1 மணிக்கு ஓய்வெடுத்து, 2 மணிக்குத் திரும்பி, 4 மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். மாலை 7 முதல் காலை 8 வரை வேலையே கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. சீசன் வியாபாரம் சூடுபிடிப்பதே ஏழு மணிக்கு மேல்தான். பெரும்பாலான கடைகள் தவறுவதும் அங்கேதான்.

அப்ரண்டிஸ் என்று பெயர் மாற்றினாலும் வயது வரம்பு போய்விடாது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்திலும் குறைந்தபட்சம் 14 வயதுதான். ஆபத்தான தொழில்கள் சார்ந்த பிரிவுகளுக்கு 18. மைனர் என்றால் ஒப்பந்தத்தில் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும்.

இப்போது அந்த இரண்டு தேதிகளுக்கு வருவோம். தொழிலாளர் ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்தால், மருத்துவ அதிகாரியின் வயதுச் சான்றைக் கேட்பார். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி அந்த அதிகாரி முதலில் ஆதாரையும், அது இல்லையென்றால் பள்ளிச் சான்றையும், அதுவும் இல்லையென்றால் பிறப்புச் சான்றையும் பார்ப்பார். எதுவுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அதிலும் இரண்டு ஆண்டு வரை முன்பின் ஆகலாம். ஆனால் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆதார் தேதியை விட்டுவிட்டு, பள்ளிச் சான்றின் தேதியையே ஏற்றது. சரியான தேதி தெரியாதவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று பதிவாவது சாதாரணம். அதனால் 01-01 என்று கண்டால் டிசியையும் பிறப்புச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். தேதிகள் முரண்பட்டால் குறைந்த வயதையே எடுத்துக்கொள்வதுதான் பையனுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

நம் பையனை 15 வயதுக்காரராகவே சேர்த்துக்கொண்டால், பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், வேலையின் தன்மை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, 30 நாளுக்குள் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.