கார்டு லிமிட்டை ஏற்ற ஓடிபி கேட்டால்: போன பணத்துக்கு யார் பொறுப்பு?

“சார், உங்க கிரெடிட் கார்டு லிமிட்டை ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சமா உயர்த்தியிருக்கோம். உறுதி செய்ய ஒரு எண் வரும், சொல்லுங்க.” இப்படிப் பேசுபவருக்கு உங்கள் பெயரும் கார்டின் கடைசி நான்கு எண்களும் முன்பே தெரிந்திருக்கும். அதனால் அவர் வங்கியிலிருந்துதான் பேசுகிறார் என்று நம்பிவிடுகிறோம். பேச்சின் நடுவே முழு கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்க எண் ஆகியவற்றையும் “சரிபார்ப்பு” என்று சொல்லி வாங்கிவிடுவார். அந்த நேரத்தில் அவர் முன்னால் திறந்திருப்பது வங்கியின் திரை அல்ல. ஏதோ ஒரு ஆன்லைன் கடையின் பணம் செலுத்தும் பக்கம். அங்கே மிச்சமிருக்கும் ஒரே கட்டம் ஓடிபி.

உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியை முழுதாகப் படித்தால் இது தெரிந்துவிடும். வங்கிக்கு வங்கி வாசகம் மாறினாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

```
482913 is the OTP for INR 49,500.00 at (merchant name)
on your card ending 1234. Do not share with anyone.
```

லிமிட்டை உயர்த்துவதாக இருந்தால் அதில் கடைப் பெயருக்கும் தொகைக்கும் என்ன வேலை? ஆனால் போனைக் காதில் வைத்தபடி முதல் ஆறு இலக்கங்களை மட்டும் பார்க்கிறோம். எதிர்முனையில் அவசரப்படுத்துவதே அதற்குத்தான். சில சமயம் செய்தியில் தொகையே இருக்காது. வேறொரு போனில் உங்கள் வங்கிச் செயலியைப் பதிவு செய்ய வரும் ஓடிபியாக அது இருக்கலாம். இது இன்னும் ஆபத்தானது. ஒரு வாங்கலோடு நிற்காமல், செயலிக்குள் நுழைந்து லிமிட்டை நிஜமாகவே உயர்த்தி அதையும் சேர்த்துச் செலவழிக்க வழி கிடைத்துவிடும். “லிமிட் உயர்த்தப்பட்டது” என்று செய்தி வந்துவிட்டதால் மட்டும் பேசியவர் உண்மையானவர் ஆகிவிட மாட்டார்.

வங்கியும் சில வேலைகளுக்கு ஓடிபி மூலம் சம்மதம் வாங்குவதுண்டு. அதை வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ நீங்களே தட்டச்சு செய்வீர்கள். வாயால் சொல்லச் சொல்வது கிடையாது. லிமிட் உண்மையிலேயே வேண்டுமென்றால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, செயலியைத் திறந்து கார்டு பகுதியில் பாருங்கள். உங்களுக்குச் சலுகை இருந்தால் அங்கே இருக்கும்.

பணம் போய்விட்டால் யார் பொறுப்பு என்பதை 2017 ஜூலை 6-ம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை வகுத்துச் சொல்கிறது. கோளாறு வங்கியிலும் இல்லை, உங்களிடமும் இல்லை, வேறெங்கோ தகவல் கசிந்து பணம் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் செய்தி வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் உங்கள் இழப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கு மேல் லிமிட் உள்ள கார்டுக்கு 25,000. ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. செய்தி வந்த நாள் கணக்கில் சேராது. வெள்ளி இரவு செய்தி வந்து, அடுத்த நாள் வங்கி விடுமுறையான நான்காவது சனி என்றால், திங்கள்தான் முதல் நாள். புதன் முடிய அவகாசம் உண்டு.

ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் இந்த மூன்று நாள் பாதுகாப்பு கிடைக்காது. பலரும் ஏமாந்துபோகும் இடம் இது. விதி அதை வாடிக்கையாளரின் கவனக்குறைவாக எடுத்துக்கொள்கிறது: வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன தொகை முழுவதும் உங்களுடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. அதாவது இங்கே நாள் கணக்கு கிடையாது, நிமிடக் கணக்குதான்.

ஓர் உதாரணம். காலை 11.10-க்கு, செயலியைப் பதிவு செய்ய வந்த ஓடிபியைச் சொல்கிறீர்கள். 11.12-க்கு 49,500 ரூபாய், 11.16-க்கு 24,800 ரூபாய் போகிறது. 11.20-க்கு வங்கியின் இலவச எண்ணில் புகார் பதிவாகிறது. 11.31-க்கு இன்னும் 30,000 போகிறது. முதல் இரண்டும் சேர்ந்த 74,300 உங்கள் தலையில். கடைசி 30,000 வங்கியின் தலையில். 11.20 என்ற அந்த நேரத்தை எப்படி நிரூபிப்பது? புகார் எண்ணோடு உடனடிப் பதில் அனுப்பவும், தான் அனுப்பிய செய்தியின் நேரத்தையும் நீங்கள் பதில் சொன்ன நேரத்தையும் பதிந்து வைக்கவும் வங்கிக்குக் கடமை உண்டு. ஆகவே புகார் எண் கைக்கு வராமல் போனை வைக்காதீர்கள். கிளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று மதியம் வரை காத்திருப்பதுதான் பெரிய நஷ்டம்.

வரிசை இதுதான்: முதலில் செயலியில் கார்டை முடக்குங்கள், உடனே வங்கியில் புகார், அடுத்து 1930. இந்த உதவி எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ தகவல் கொடுத்தால், பணம் போய்ச் சேர்ந்த வாலட் அல்லது கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்திவைக்க முயல்வார்கள். பொறுப்பு உங்களுடையது என்றாலும் இந்த வழியில் பணம் திரும்ப வாய்ப்பு உண்டு. ஆனால் அடுத்த கணக்குக்கு மாறிவிட்டால் வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நீங்கள் ஓடிபி சொல்லவே இல்லை, ஆனாலும் பணம் போயிருக்கிறது என்றால் புகாரில் அதைத் தெளிவாக எழுதுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்காமலேயே கார்டு எண்ணை ஏற்றுக்கொள்கின்றன. தவறு வாடிக்கையாளர் மேல்தான் என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. முதல் இரண்டு வகைப் புகார்களில், அதாவது பூஜ்யப் பொறுப்பும் வரம்புள்ள பொறுப்பும் வரும் இடங்களில், பத்து வேலை நாளுக்குள் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைத்து, 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இந்த வெளிநாட்டு வழியை அடைப்பது எளிது. 2020 ஜனவரி 15-ம் தேதி ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி உள்நாடு, வெளிநாடு, ஆன்லைன், தட்டிச் செலுத்துதல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே அணைக்கவும், தொகை வரம்பு வைக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். ஆன்லைன் வரம்பை உங்கள் மாதச் செலவுக்கு ஏற்பக் குறையுங்கள். கார்டு லிமிட் இரண்டு லட்சமாக இருந்தாலும் ஆன்லைன் வரம்பு 10,000 என்றால், ஓடிபி கைமாறினாலும் குறுஞ்செய்தியில் பார்த்த 49,500 ரூபாய் வாங்கல் நிராகரிக்கப்படும். செயலியைப் பதிவு செய்யும் ஓடிபியையோ செயலியின் கடவு எண்ணையோ கொடுத்திருந்தால் மட்டும் இது உதவாது. வரம்பையும் அவர்களே மாற்றிவிடலாம்.

வங்கியின் பதில் திருப்தி தராவிட்டாலோ, 30 நாளில் பதிலே வராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வங்கிக்கு எழுத்தில் கொடுத்த புகாரின் நகலும் புகார் எண்ணும் அங்கே கேட்பார்கள். முதல் புகாரைப் போனில் கொடுத்திருந்தாலும், அன்றைக்கே அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி வைத்துவிடுங்கள்.