கவர் ஸ்லிப்புக்கு அடியில் ஈ. கோலை ஏன் நின்றுபோகிறது?

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஈ. கோலையின் அசைவைப் பார்க்க ஒரு சொட்டு பெப்டோன் திரவத்தைக் கண்ணாடியில் வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடுகிறோம். முதலில் துள்ளி ஓடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நடுப்பகுதியில் எல்லாம் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். 'அசைவற்றது' என்று எழுதத் தோன்றும். ஆனால் அவை செத்துப்போகவில்லை, ஆக்சிஜன்தான் தீர்ந்துவிட்டது.

காற்று இருக்கும்போது இந்த பாக்டீரியா தன் சுவாசச் சங்கிலி வழியாகப் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அதனால் சவ்வின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடும், சூழலைப் பொறுத்து அமிலத்தன்மை வேறுபாடும் உண்டாகின்றன. இரண்டும் சேர்ந்ததுதான் புரோட்டான் இயக்குவிசை. ஈ. கோலையில் இது சுமார் 150 மில்லிவோல்ட். வெளியே போன புரோட்டான் உள்ளே திரும்ப இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று ஏடிபி சின்தேஸ்: 10 புரோட்டான் நுழைந்தால் அதன் சுழலி ஒரு சுற்றுச் சுற்றி 3 ஏடிபி தரும். மற்றொன்று கசையிழையின் அடியிலுள்ள மோட்டார். அதில் மோட்‌ஏ, மோட்‌பி புரதங்களின் வழியே புரோட்டான் நுழைகிறது. ஒரு சுற்றுக்கே ஆயிரத்துக்கும் மேல் தேவை. நீந்தும்போது அது நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுற்றும்.

கசையிழையைச் சுழற்றுவது ஏடிபி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஜூலியஸ் ஆட்லரின் குழு 1974-இல் இதைச் சோதித்தது. ஆர்சனேட் கொடுத்து ஏடிபியை வற்றவைத்தாலும் ஈ. கோலை நீந்தியது. ஆனால் உணவை நோக்கித் திசை திரும்ப முடியவில்லை. திசைமாற்றச் சமிக்ஞைக்குத்தான் ஏடிபி வேண்டும், சுழற்சிக்கு வேண்டாம்.

சரி, ஆக்சிஜன் தீர்ந்தால்? சுவாசம் நின்று, இயக்குவிசை சரிந்து, மோட்டார் நின்றுவிடும். அந்தச் சொட்டில் குளுக்கோஸ் இருந்தால் கதை வேறு. நொதித்தலில் கிடைக்கும் ஏடிபியைச் செலவழித்து, அதே ஏடிபி சின்தேஸ் தலைகீழாகச் சுழன்று புரோட்டான்களை வெளியே தள்ளும். காற்றில்லாமலேயே நீச்சல் தொடரும். (அதற்காக வளர்ப்பு ஊடகத்திலேயே குளுக்கோஸ் சேர்த்துவிடாதீர்கள். கசையிழை உருவாவதையே அது குறைத்துவிடும்.) சூடோமோனாஸுக்கு இந்த வழி கிடையாது, அது குளுக்கோஸை நொதிக்காது. ஆகவே கவர் ஸ்லிப்பின் விளிம்பிலும் காற்றுக் குமிழியைச் சுற்றியும் மட்டும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே மூடியவுடன் பாருங்கள், முதலில் விளிம்பைப் பாருங்கள். நீந்தும் செல் பக்கத்துச் செல்லைத் தாண்டிப் போகும். வெறும் பிரௌனியன் நடுக்கமானால் இருந்த இடத்தைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கும். நீரோட்டம் என்றால் எல்லாம் ஒரே பக்கம் போகும். காலரா கிருமியில் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள், அதன் கசையிழை மோட்டார் சோடியம் அயனியில் ஓடுவது.