வங்கி உத்தரவாதத்தை ஏற்கும் முன்: வழங்கிய வங்கியிடம் உறுதிசெய்வது எப்படி?

ஒப்பந்ததாரர் வேலையைச் சரியாக முடிக்காவிட்டால் நமக்குக் குறிப்பிட்ட தொகையைத் தருவதாக வங்கி எழுதித் தருவதுதான் வங்கி உத்தரவாதம். ஒப்பந்ததாரர் கொண்டுவந்து தரும் அந்தத் தாள் பார்வைக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கெட்டித் தாள், வங்கியின் முத்திரை, இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து, வரிசை எண் என எதிலும் குறை தெரியாது. அந்த வங்கி அதை உண்மையிலேயே கொடுத்ததா என்பதை வங்கிதான் சொல்ல முடியும். அதனால்தான், வழங்கிய வங்கியிடமிருந்து நேரடியாக உறுதிக் கடிதம் வந்த பிறகே உத்தரவாதத்தை ஏற்க வேண்டும் என்று பல கொள்முதல் விதிகள் சொல்கின்றன.

இதற்கு உரிய நேரம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கும் முன்பணம் கொடுப்பதற்கும் முன்பு. போலி உத்தரவாதம் தானாக வெளிப்படுவது ஒரே ஒரு சமயத்தில்தான்: ஒப்பந்ததாரர் வேலையைப் பாதியில் விட்டுப் போய், நாம் பணம் கேட்டு வங்கிக்கு எழுதும்போது. “இப்படி ஒரு உத்தரவாதம் எங்கள் பதிவேட்டில் இல்லை” என்று பதில் வரும் நேரத்தில் முன்பணம் கைமாறிப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

உறுதிசெய்வதில் பலர் தவறுவது, வங்கியை எந்த வழியில் தொடர்புகொள்வது என்பதில்தான். உத்தரவாதத் தாளில் அச்சாகியிருக்கும் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சல் முகவரியையோ பயன்படுத்தவே கூடாது. தாளைப் போலியாக அச்சிட்டவர் எண்ணையும் தன் கூட்டாளியுடையதாகவே அச்சிட்டிருப்பார். நாம் அழைத்தால் மரியாதையான குரலில் “ஆமாம், நாங்கள் கொடுத்ததுதான்” என்று பதில் வரும். மின்னஞ்சல் முகவரியில் வங்கியின் பெயரோடு ஒரு எழுத்தோ ஒரு கோடோ கூடுதலாக இருக்கும்; அவசரமாகப் படிக்கும் கண்ணுக்கு அது தப்பிவிடும். முகவரியை வங்கியின் சொந்த இணையதளத்திலிருந்து நாமே எடுக்க வேண்டும். கிளைக்கு எழுதும் அதே நாளில் அதன் மேல்நிலை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். கிளையில் ஒருவர் மோசடிக்கு உடந்தையாக இருந்தாலும் மேலே பதிவு இல்லாதது தெரிந்துவிடும். கடிதத்தை ஒப்பந்ததாரரிடம் கொடுத்தனுப்புவதும், “பதிலை நானே வாங்கி வந்துவிட்டேன், ஐயா” என்று அவர் நீட்டும் உறையை வாங்கிக்கொள்வதும் உறுதிசெய்தலே ஆகாது.

அடுத்தது, கடிதத்தில் என்ன கேட்கிறோம் என்பது. ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு 2 கோடி என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம், அதாவது 20 லட்சத்துக்கு உத்தரவாதம் தர வேண்டும். ஒப்பந்ததாரர் வங்கியில் 2 லட்சத்துக்கு மட்டும் உண்மையான உத்தரவாதம் வாங்குகிறார். தொகை குறைவு என்பதால் வங்கிக்குக் கட்டும் கமிஷனும் பிணையாக வைக்கும் பணமும் குறைவு. பிறகு தாளில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகையை 20 லட்சம் என்று திருத்திவிடுகிறார். நாம், “இந்த எண்ணுள்ள உத்தரவாதம் நீங்கள் வழங்கியதா?” என்று மட்டும் கேட்டால், வங்கி நேர்மையாகவே “ஆமாம்” என்று எழுதும். நமக்கு உண்மையில் இருக்கும் பாதுகாப்போ 2 லட்சம்தான்.

ஆகவே உத்தரவாதத்தின் முழு நகலையும் கடிதத்தோடு இணையுங்கள். எண், வழங்கிய தேதி, தொகை, காலாவதி தேதி, பயனாளியின் பெயர் ஆகியவற்றை வங்கியே தன் பதிவேட்டைப் பார்த்துப் பதிலில் எழுதித் தருமாறு கேளுங்கள். கையெழுத்திட்டவர்களுக்கு அந்தத் தொகை வரை கையெழுத்திட அதிகாரம் உண்டா என்பதையும் கேளுங்கள். வந்த பதிலைத் தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

இதைவிட வலுவான வழி ஒன்று உண்டு. உத்தரவாதத்தை நம் சொந்த வங்கியின் மூலமாக அனுப்பச் சொல்லலாம். வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் வலையமைப்பில், வழங்கும் வங்கி MT 760 என்ற வகைச் செய்தியாக அதை நம் வங்கிக்கு அனுப்பும். அனுப்பியது யார் என்பதை அந்த வலையமைப்பே சரிபார்த்துவிடுகிறது. வெளிநாட்டு வங்கி என்றால் இந்த வழியையே வலியுறுத்துங்கள். ஆனால் ஒப்பந்ததாரர் கொண்டுவரும் “ஸ்விஃப்ட் நகல்” வெறும் அச்சுத் தாள்தான். செய்தி தன்னிடம் வந்து சேர்ந்ததாக நம் வங்கி சொல்ல வேண்டும்.

காலநீட்டிப்புக்கும் தொகைத் திருத்தத்துக்கும் இதே நடைமுறை மறுபடியும் தேவை. முதல் உத்தரவாதம் உண்மையாக இருந்து, நீட்டிப்புக் கடிதம் மட்டும் போலியாக இருந்தால், பழைய காலாவதி தேதி தாண்டியதும் நம் கையில் எதுவும் மிஞ்சாது. அதனால் நீட்டிப்பை உறுதிசெய்யும் பதில் அந்தத் தேதிக்கு முன்பே வந்தாக வேண்டும். வராவிட்டால், உத்தரவாதத்தின் வாசகம் இடம் தரும் இடத்தில், “நீட்டியுங்கள், இல்லையேல் பணம் தாருங்கள்” என்று காலாவதிக்கு முன்பே வங்கிக்கு எழுத வேண்டியிருக்கும்.

வங்கி மறுத்துப் பதில் எழுதினால், ஒப்பந்ததாரர் “வேறு தாள் மாற்றித் தருகிறேன்” என்று அசலைத் திரும்பக் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். காவல்துறையில் புகார் செய்யும்போது அந்த அசல்தான் முதல் சான்று.